இரண்டு கோடுகளுக்கு இடையே ஓர் இடைவெளி

காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிட்டு வெளியே வருபவர் கையில் ஒரு வரைபடத் தாள் இருக்கும். ஆடியோகிராம் என்பது அதன் பெயர். சிவப்பு வட்டங்கள், நீலப் பெருக்கல் குறிகள், ஓரத்தில் ‘45 டெசிபெல்’ என்பதுபோல ஒரு சராசரி. பெரும்பாலோர் அந்த எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். செவித்திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அந்த எண் ஓரளவு சொல்லும். கோளாறு காதின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. அதற்குக் கோடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

தாளின் குறுக்கே, இடமிருந்து வலமாக, ஒலியின் சுருதி ஏறுகிறது. 250 ஹெர்ட்ஸ் கனத்த குரலின் பக்கம். 8000 ஹெர்ட்ஸ் கீச்சொலியின் பக்கம். மேலிருந்து கீழாக இருப்பது ஒலியின் அளவு. பலருக்கும் குழப்பம் தருவது இதுதான்: கோடு கீழே இறங்க இறங்கச் செவித்திறன் மோசமாகிறது என்று பொருள். உச்சியில் உள்ள 0 டெசிபெல் முழு நிசப்தத்தைக் குறிப்பதல்ல. காதில் குறையில்லாத இளைஞர்கள் சராசரியாகக் கேட்கக்கூடிய மிகச் சன்னமான ஒலியின் அளவு அது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்பது வழக்கம்.

ஒவ்வொரு சுருதியிலும் பரிசோதகர் ஒலியைப் பத்துப் பத்து டெசிபெலாகக் குறைத்துக்கொண்டே போவார். கேட்காத நிலை வந்ததும் ஐந்து ஐந்தாக ஏற்றுவார். இப்படி ஏற்றி இறக்கி, கேட்பவர் பொத்தானை அழுத்தும் மிகக் குறைந்த அளவைப் புள்ளியாகக் குறிப்பார். இதே சோதனை இரண்டு வழிகளில் நடக்கும். முதலில் ஹெட்ஃபோன் வழியாக. ஒலி காதுத் துளையில் புகுந்து, செவிப்பறையை அதிரவைத்து, அதன் பின்னால் உள்ள மூன்று சிறு எலும்புகளைக் கடந்து உட்காதுக்குப் போகிறது. இது காற்றுவழிக் கோடு. அடுத்து, காதின் பின்புற எலும்பில் அழுந்தும்படி ஒரு சிறிய அதிர்வுக் கருவியைப் பொருத்துவார்கள். இப்போது அதிர்வு மண்டையோட்டின் வழியாக நேரே உட்காதை அடைகிறது. வழியில் செவிப்பறையின் தயவு தேவையில்லை. இது எலும்புவழிக் கோடு. வலது காதுக்கு <, இடது காதுக்கு > என்ற குறிகளால் இது வரையப்படும்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 35 வயதுப் பெண்மணி. அவருடைய வலது காதின் காற்றுவழிக் கோடு 500 ஹெர்ட்ஸில் 50 டெசிபெல், 1000-இல் 45, 2000-இல் 45, 4000-இல் 40 என்று ஏறத்தாழச் சமமாகக் கீழே கிடக்கிறது. எலும்புவழிக் கோடோ 5, 10, 20, 10 என்று மேலேயே நிற்கிறது. உட்காது நலமாக இருக்கிறது. ஒலிதான் அங்கே போய்ச் சேரவில்லை. இதுவே கடத்தல் வகைக் கேள்விக் குறைபாடு. 500 ஹெர்ட்ஸில் இரு கோடுகளுக்கும் இடையே 45 டெசிபெல் இடைவெளி இருக்கிறது. பத்துக்குள் இருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதைத் தாண்டினால் வழியில் அடைப்பையோ தடையையோ தேட வேண்டும்.

எலும்புவழிக் கோடு 2000 ஹெர்ட்ஸில் மட்டும் லேசாகக் குழிந்திருப்பதையும் மருத்துவர் கவனிப்பார். அமெரிக்கச் செவித்திறன் வல்லுநர் ரேமண்ட் கார்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் குழிவு இது. மூன்று எலும்புகளில் கடைசியான அங்கவடி எலும்பு அசைய முடியாமல் இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் நோயில் இது அடிக்கடி தென்படும். இறுகிய எலும்பை விலக்கிச் சிறு செயற்கைப் பிஸ்டனைப் பொருத்தும் அறுவை சிகிச்சை இதற்கு உண்டு. அதை விரும்பாதவர்களுக்குக் காது கேட்கும் கருவியும் நன்றாகவே பயன்படும். ஒலியைக் கூட்டித் தந்தாலே போதும், உட்காது தெளிவாக வாங்கிக்கொள்ளும்.

இன்னொருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அவருடைய கோடு 500 ஹெர்ட்ஸில் 15, 1000-இல் 20, 2000-இல் 30 என்று சுமாராக வந்து, 4000-இல் 60-க்குச் சரிகிறது. 8000-இல் மறுபடி 40-க்கு ஏறுகிறது. எலும்புவழிக் கோடும் அதனுடனேயே இறங்குகிறது. இடைவெளி இல்லை. ஒலி உள்ளே போய்ச் சேர்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டிய உட்காதின் மயிர்ச்செல்கள் அழிந்துவிட்டன. இது உணர்நரம்பு வகை. 4000 ஹெர்ட்ஸையொட்டி விழும் பள்ளம் இரைச்சல் விட்டுச்சென்ற தடம். முதுமையால் வரும் குறைபாட்டில் கோடு பொதுவாக இப்படி மீண்டும் ஏறாது, சரிந்துகொண்டே போகும். அழிந்த மயிர்ச்செல்கள் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

500, 1000, 2000, 4000 ஆகிய நான்கு இடங்களின் சராசரியைப் பார்த்தால் பெண்மணிக்கு 45, தறித் தொழிலாளிக்கு 31. எண்ணை நம்பினால் தொழிலாளியின் காதுதான் தேவலை. உயிரெழுத்துகளின் வலு கீழ்ச்சுருதியில் இருப்பதால், யாரோ பேசுவது அவருக்குக் கேட்கும். ஆனால் ‘ச’, ‘ஸ’ போன்ற சன்னமான மெய்யொலிகள் மேல்சுருதியில் இருக்கின்றன. சத்தமான இடத்தில் ‘காசு’ என்றார்களா, ‘காது’ என்றார்களா என்று தடுமாறுவார். “பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியல” என்பார். கத்திப் பேசினால் ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் ஒலிதான் மேலும் பெரிதாகும்.

இந்தச் சோதனையில் ஏமாற ஓர் இடம் உண்டு. வலது காதின் பின்னால் வைத்த அதிர்வு மண்டையோடு முழுவதும் பரவி இடது உட்காதையும் எட்டும். வலது உட்காது முற்றிலும் செயலிழந்திருந்தாலும் இடது காது கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தவைக்கும். வலது காதின் எலும்புவழிக் கோடு நலமாக இருப்பதுபோலத் தாளில் பதிவாகும். இல்லாத இடைவெளி தோன்றும். அதை நம்பினால், பயனில்லாத காதுக்கு அறுவை சிகிச்சை வரை போய்விடலாம். அதனால்தான் சோதிக்காத காதில் இரைச்சலை ஓடவிட்டு அதை மறைக்கிறார்கள். மாஸ்க்கிங் எனப்படும் இதைச் செய்திருந்தால் எலும்புவழிக் குறி [ அல்லது ] என்று சதுர அடைப்பாக இருக்கும். ஒரு காது நலமாகவும் மற்றது மோசமாகவும் உள்ளவர் தன் தாளில் இந்தக் குறி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

குறும்பி அடைப்பு, செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் நீர் என எல்லாமே தாளில் இடைவெளியாகத்தான் தெரியும். எது காரணம் என்பதைக் காதுக்குள் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இடைவெளி உண்டா, இல்லையா என்ற கேள்வி சில சமயம் அவசரமானது. காலையில் எழும்போது ஒரு காது திடீரென அடைத்ததுபோல் இருந்தால், குறும்பி என்று எண்ணி எண்ணெய் விட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகினால் ஒரு குறிப்புக் கிடைக்கும். ஒலி அடைத்த காதில் ஓங்கிக் கேட்டால் கடத்தல் தடையாக இருக்கலாம். நல்ல காதின் பக்கம் ஒதுங்கினால் உட்காதையே சந்தேகிக்க வேண்டும். முனகல் எப்படிக் கேட்டாலும் ஆடியோகிராம் எடுப்பதே சரியான வழி. அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபெல்லோ அதற்கு மேலோ மூன்று நாளுக்குள் குறைந்து, இரு கோடுகளும் சேர்ந்தே இறங்கியிருந்தால் அது திடீர் உணர்நரம்புக் கேள்வியிழப்பு. இதற்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதால், காது மருத்துவரை அன்றோ மறுநாளோ பார்த்துவிடுவது நல்லது.