எழுதிக் கேட்போம் – 9
பக்கம் 22-இல் சிவப்பு மை இல்லை

பிளஸ் டூ விடைத்தாளின் ஸ்கேன் நகலைப் பார்த்ததும் பெற்றோர் எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் பிள்ளையின் உழைப்பும் வீட்டின் வருத்தமும்தான் இருக்கும். அவை உண்மைதான். ஆனால் மதிப்பெண்ணை மாற்றும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இல்லை. அது அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு உரியது. தலைமையாசிரியரால் முடிந்தது வேறு: பாட ஆசிரியரை விட்டு நகலைப் பார்க்கச் சொல்லலாம், விண்ணப்பம் கெடுவுக்குள் போய்ச் சேர உதவலாம். கடிதம் அந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

எழுதும் முன், நகலையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வினா வினாவாகப் பாருங்கள். கூட்டலில் மட்டும் பிழை என்றால் மறுகூட்டல் போதும். விடைக்கு உரிய மதிப்பெண் விழவில்லை என்றால் மறுமதிப்பீடு. வேதியியல் தாள் ஒன்றை வைத்து எழுதிய மாதிரி இது:

“மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: வேதியியல் விடைத்தாள் மறுமதிப்பீடு தொடர்பாக.

என் மகள் தங்கள் பள்ளியில் 12-ஆம் வகுப்பு படித்தவள். கட்டாய வினா 33 மூன்று மதிப்பெண் கணக்கு. ஒரு முதல் வகை வினை 8 மணி நேரத்தில் 90 சதவீதம் முடிகிறது; 80 சதவீதம் முடிய எவ்வளவு நேரம் என்பது கேள்வி. 14-ஆம் பக்கத்தில் வாய்ப்பாட்டையும் வேக மாறிலியையும் எழுதி, ‘தொடர்ச்சி பக்கம் 22’ என்று குறித்திருக்கிறாள். 22-ஆம் பக்கத்தில் 5.59 மணி என்ற விடை அலகோடு இருக்கிறது. முதல் பகுதிக்கு 1 மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். 22-ஆம் பக்கத்தில் திருத்தியதற்கான குறியே இல்லை.

விடைத்தாள் நகல் முழுவதையும் இணைத்துள்ளேன். வேதியியல் ஆசிரியர் தாள் முழுவதையும் பார்த்து, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று சொல்ல வேண்டுகிறேன். அவர் சரி என்றால், கடைசி நாளுக்குள் விண்ணப்பிக்கப் பள்ளியின் உதவி வேண்டும்.”

இந்தக் கடிதத்தில் யார் மேலும் குற்றச்சாட்டு இல்லை. வினா எண், பக்க எண், போட்ட மதிப்பெண், வரவேண்டிய மதிப்பெண் என்று எல்லாம் இருப்பதால், ஆசிரியர் இந்த வினாவை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஆசிரியரின் கருத்தைக் கேட்பது வெறும் மரியாதைக்காக அல்ல. மறுமதிப்பீட்டில் தாள் முழுவதும் மறுபடி திருத்தப்படும். 33-ஆம் வினாவில் இரண்டு மதிப்பெண் ஏறும்போது, முன்பு தாராளமாகப் போட்ட வேறொரு விடையில் இறங்கவும் கூடும். புதிய மதிப்பெண்தான் இறுதி. குறைந்தால் பழையதைத் திரும்பக் கேட்க முடியாது. ஆகவே அந்த ஒரு வினாவை மட்டும் பார்க்காமல், தாள் முழுவதையும் பார்த்துச் சொல்லும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். ஏறும் மதிப்பெண் உறுதி, இறங்க இடமில்லை என்று அவர் சொன்னால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

(தொடரும்)