போடி மலையும் ஒரு சாத்துக்குடியும்: எல்லாத் திசையும் சமம் என்றால், கோணம் ஏன் சமமாக வராது?

போடியிலிருந்து மெட்டு ஏறி இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறைக்குப் போயிருந்தால், அந்த மலைத்தொடரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் தமிழ்நாட்டுப் பக்கம், தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில்தான் இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்புத் தகடுகளால் ஆன ஒரு கருவியை உள்ளே வைப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சொல்லி, 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. தமிழ்நாடு அரசும் பிறகு எதிர்ப்புத் தெரிவித்தது. கருவி இன்னும் வரவில்லை.

அந்த அரசியல் தனிக் கதை. இங்கே பார்க்கப்போவது, அந்தக் கருவி பதிவு செய்யவிருந்த ஓர் எளிய விஷயம்: ஒவ்வொரு துகளும் எந்தத் திசையிலிருந்து வந்தது? அதை எண்ணும்போது கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் ஒரே தப்பைத்தான் செய்வோம்.

தப்பு எங்கே நடக்கிறது?

கருவியைச் சுற்றி ஒரு பெரிய கோளம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். துகள் வரும் ஒவ்வொரு திசையும் அந்தக் கோளத்தின் மேல் ஒரு புள்ளி. எந்தத் திசைக்கும் தனிச்சலுகை இல்லை என்றால், சம பரப்புள்ள எந்த இரண்டு பகுதியிலும் சராசரியாகச் சம எண்ணிக்கையில் புள்ளிகள் விழ வேண்டும். இதுதான் 'சீரான ரேண்டம் புள்ளி'.

தலைக்கு நேர் மேலே 0 டிகிரி, கிடைமட்டம் 90, காலுக்கு நேர் கீழே 180. இதை 30 டிகிரி வீதம் ஆறு பட்டைகளாகப் பிரித்து 1000 புள்ளிகளைத் தூவினால், பட்டைக்கு 167 வரும்னு தோணும். வராது. மேலிருந்து கீழாக சுமார் 67, 183, 250, 250, 183, 67 என்றுதான் வரும்.

காரணம் சிம்பிள். உச்சிப் பட்டை ஒரு சின்னத் தொப்பி. நடுப்பட்டையோ கோளத்தின் இடுப்பை முழுதாகச் சுற்றி வரும் பெல்ட். கோண அளவு ஒன்றுதான், பரப்பு வேறு.

சரி, எது சமமாக வரும்?

உயரம். இதற்கு ஒரு சாத்துக்குடி போதும். விட்டம் சரியாக 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழாக, 1 செ.மீ. தடிமனில் ஆறு வில்லைகளாக வெட்டுங்கள். எந்த வில்லையில் தோல் அதிகம்? நடுவில் இருப்பதில்தான் என்று கண் சொல்லும். உண்மையில் ஆறிலும் ஒரே அளவுதான்: ஒவ்வொன்றிலும் சுமார் 18.85 சதுர செ.மீ. மொத்தத் தோல் 113.1. ஆறால் வகுத்துப் பாருங்கள், அதேதான் வரும்.

ஏன் இப்படி? மேலே போகப் போக இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, வளையத்தின் சுற்றளவு குறைகிறது. இரண்டு, தோல் மேலும் மேலும் சாய்கிறது. அதனால் அதே 1 செ.மீ. உயரத்துக்குள் அதிக நீளமான தோல் அடங்குகிறது. நடுவில் தோல் கிட்டத்தட்ட செங்குத்து, 1 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. அகலத் தோல்தான். உச்சியில் அது படுத்துக் கிடக்கிறது.

கணக்காகவும் பார்த்துவிடலாம். உச்சியிலிருந்து அளக்கும் கோணம் θ, கோளத்தின் ஆரம் R, வில்லையின் தடிமன் h. மிக மெல்லிய வில்லை என்றால் வளையத்தின் சுற்றளவு 2πR sin θ. தோலின் சாய்ந்த அகலம் h / sin θ. பெருக்கினால் sin θ அடிபட்டுப் போய், 2πRh மட்டும் மிஞ்சுகிறது. அதில் கோணமே இல்லை. சுற்றளவு எவ்வளவு குறைகிறதோ, அதே விகிதத்தில் அகலம் கூடுகிறது. ஒன்றை ஒன்று சரியாக ஈடுகட்டிவிடுகிறது.

கோளத்தைக் கச்சிதமாக மூடும் உருளையின் பக்கப் பரப்பும் இதே 2πRh தான். இந்த உறவு சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்தவற்றைச் சேர்ந்தது. அவர் கல்லறையில் கோளமும் உருளையும் செதுக்கப்பட்டிருந்ததாக சிசரோ எழுதியிருக்கிறார்.

ஆக, ஆரம் 1 உள்ள கோளத்தில் உயரம் z = cos θ. அது −1 முதல் +1 வரை சீராகப் பரவும்.

கோடில் எழுதினால்?

கோணத்தை ரேண்டமாக எடுக்காதீங்க. உயரத்தை எடுங்க.

```python
z = rng.uniform(-1, 1, n)
phi = rng.uniform(0, 2*np.pi, n)
r = np.sqrt(1 - z*z)
x, y = r*np.cos(phi), r*np.sin(phi)
```

யாரோ எழுதிய கோடு சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. z² இன் சராசரியை எடுங்கள். x² + y² + z² = 1; மூன்று அச்சும் சமம் என்பதால் ஒவ்வொன்றின் சராசரியும் 1/3 ஆக வேண்டும். θ-வையே 0 முதல் 180 வரை சீராக எடுத்திருந்தால் 1/2 வரும். அப்போது உச்சித் தொப்பியில் 67-க்குப் பதில் 167 புள்ளிகள் குவிந்திருக்கும், அதாவது இரண்டரை மடங்கு.

இது முப்பரிமாணக் கோளத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் மறக்கக் கூடாது. வெறும் வட்டத்தின் மேல் சீராகப் புள்ளி எடுத்தால், உயரங்கள் இரண்டு முனைகளிலும் குவிந்துவிடும்.

இதனால் இயற்பியலில் என்ன ஆகும்?

விண்ணிலிருந்து வரும் துகள்கள் காற்றில் மோதும்போது நியூட்ரினோக்கள் உருவாகின்றன. இது பூமி முழுக்க நடக்கிறது. பொட்டிப்புரத்துக்கு நேர் மேலே உருவானது சுமார் 15 கி.மீ. பயணித்தால் போதும். காலுக்கு நேர் கீழே இருந்து வருவது, பெருவுக்கு மேற்கே பசிபிக் கடலுக்கு மேல் உருவாகி, பூமியைத் துளைத்து சுமார் 13,000 கி.மீ. கடந்து வரும். வழியில் ஒன்றும் ஆகாவிட்டால், போதுமான ஆற்றலுள்ளவை மேலிருந்தும் கீழிருந்தும் சமமாக வர வேண்டும்.

ஜப்பானின் சூப்பர்-காமியோகாண்டே இதைத்தான் cos θ அச்சில் எண்ணியது. cos θ 0.2-க்கு மேல் இருந்தால் 'மேலிருந்து', −0.2-க்குக் கீழ் இருந்தால் 'கீழிருந்து'. இரண்டும் தலா 0.8 உயரம். ஆகவே இரண்டும் கோளத்தில் சரியாக 40 சதவீதம். ஒப்பிடுவதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1998-ல் வந்த முடிவு: அதிக ஆற்றலுள்ள மியூவான் நியூட்ரினோக்களில், மேலிருந்து வந்தவற்றோடு ஒப்பிட்டால் கீழிருந்து வந்தவை 0.54 பங்குதான். நீண்ட பயணத்தில் அவை வேறு வகையாக மாறியிருந்தன. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது அப்படித்தான் உறுதியானது. தகாகி காஜிதாவுக்கு 2015 நோபல் பரிசில் பங்கு கிடைத்ததும் இதற்குத்தான்.

உண்மையான நியூட்ரினோக்கள் எல்லாத் திசையிலும் துல்லியமாகச் சமமாக வருவதில்லை. கிடைமட்டத் திசையில் தாய்த்துகள்கள் மெல்லிய காற்றில் நெடுந்தூரம் பறப்பதால், அவை சிதைந்து நியூட்ரினோ உருவாக வாய்ப்பு கூடுதல். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம். இன்னொரு பக்கம், பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்ட கருவியில் இரும்புத் தகடுகள் கிடைமட்டமாக அடுக்கப்படும். தகடுகளுக்கு இணையாக ஓடும் தடங்களை அதனால் சரியாகப் பிடிக்க முடியாது.

இங்கேதான் எந்த அச்சில் வரைகிறோம் என்பது முக்கியமாகிறது. கோண அச்சில் வரைந்தால் 90 டிகிரி அருகே இயல்பாகவே ஒரு மேடு இருக்கும். கருவி அங்கே துகள்களைத் தவறவிட்டால், அந்தப் பள்ளத்தை மேடு நிரப்பிவிடும். வரைபடம் சமமாக, 'எல்லாம் சரி' என்பது போலத் தெரியும். cos θ அச்சிலோ, சமமான வரவு என்றால் தட்டைக் கோடு. நடுவில் பள்ளம் விழுந்தால் கண்ணுக்கு உடனே தெரியும். அது இயற்கையின் வேலையா, இரும்புத் தகட்டின் வேலையா என்ற கேள்வியை அதன்பிறகுதான் கேட்கவே முடியும்.