'நா, கடம் கலந்த மேடைக் கலை': கச்சேரின்னு எழுதினா ஏன் தப்பு?

இந்தக் குறிப்பைக் கொஞ்சம் பாருங்க:

நா, கடம் கலந்த மேடைக் கலை (4)

அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. பாடகர் வாய் திறக்கிறார், பக்கத்தில் கடம் ஒலிக்கிறது, மேடை வேற இருக்கு. அப்போ 'கச்சேரி'. எண்ணிப் பார்த்தால் க, ச், சே, ரி என்று நாலு எழுத்தும் சரியாக இருக்கு. ஆனா விடை அதில்லை. குறிப்பு எழுதியவர் நீங்கள் இப்படித்தான் போவீர்கள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்.

கிரிப்டிக் குறுக்கெழுத்தின் குறிப்பு பார்க்க ஒரு வாக்கியம் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒட்டிவைத்த இரண்டு துண்டு. ஒன்று விடையின் நேரடிப் பொருள். இன்னொன்று அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டித் தரும் சொல்விளையாட்டு. பொருள் குறிப்பின் முதலில் இருக்கும், இல்லைன்னா கடைசியில் இருக்கும். நடுவில் வராது. அதனால் முதல் வேலை, எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிப்பது. அதற்கு உதவுவது சைகைச் சொல்.

மேலே இருக்கும் குறிப்பில் 'கலந்த' என்பதுதான் சைகை. கலந்த, குழம்பிய, சிதறிய, தாறுமாறான, உடைந்த மாதிரி ஒழுங்கு குலைவதைச் சொல்லும் சொல் வந்தால், பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை மாற்றி அடுக்கச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆங்கிலத்தில் இதுக்குப் பேர் அனகிராம். சந்தேகத்தை உறுதி செய்ய எண்ணிக்கை போதும். நா ஒன்று, கடம் மூன்று, மொத்தம் நாலு. அடைப்புக்குறியிலும் நாலு. அப்போ நா, க, ட, ம் என்ற நாலையும் கலைத்துப் போட்டால் 'மேடைக் கலை' என்ற பொருள் வரணும். நாடகம்!

'கச்சேரி' ஏன் தப்புன்னு இப்போ தெரியும். அதன் எழுத்துகளில் 'க' தவிர வேறெதுவும் குறிப்பில் இல்லை. சரியான விடைக்கு இரண்டு பக்கமும் பொருந்தணும். பொருள் மட்டும் பொருந்தினால் அது வெறும் ஊகம்.

தமிழில் ஒரு விஷயம் கவனிக்கணும். 'நா' ஒரே கட்டம். அதை ந், ஆ என்று உடைக்க முடியாது. 'ம்' மாதிரி புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. இதனால் ஆங்கிலம் அளவுக்கு எழுத்துகளைக் கலைத்துப் போட இங்கே சுதந்திரம் இல்லை. ஆனா சில ஜோடிகள் அபாரமாக அமையும்: 'தாறுமாறான நகரம், பாவிகள் போய்ச் சேருமிடம் (4)'. டிராஃபிக்கில் நின்றவர்களுக்கு விளக்கமே வேண்டாம், நரகம்தான்.

அடுத்த வகையில் எழுத்தை மாற்றவே வேண்டாம். விடை குறிப்புக்குள்ளேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும், சொற்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி அதை மறைத்திருக்கும்.

அழகாக வலையில் சிக்கிய மனச்சுமை (3)

சிக்கிய, ஒளிந்த, உள்ளே, நடுவில் போன்றவை இதற்கான சைகைகள். 'அழகாக வலையில்' என்பதில் இடைவெளியை எடுத்துவிட்டுப் படிங்க: அழகா-கவலை-யில். கவலை! இங்கே எண்ணிக்கை வேற மாதிரி உதவும். அனகிராமில் எழுத்துகள் மிச்சமில்லாமல் செலவாகும். ஒளிந்த சொல்லில் இரண்டு பக்கமும் மிச்சம் இருக்கும்.

இந்த இரண்டிலுமே பொருள் கடைசியில் வந்தது. அதையே பழக்கமாக்கிக்கொண்டால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்:

திருப்பித் தர வேண்டியது மெதுவாக டன்கணக்கில் ஒளிந்திருக்கிறது (3)

சைகை கடைசியில் நிற்கிறது, அதனால் பொருள் முதலில்தான் இருக்கணும். மெதுவா-கடன்-கணக்கில். இஎம்ஐ கட்டுபவர்களுக்கு முதல் மூன்று சொல்லே போதுமாக இருந்திருக்கும்! இதை எழுதுபவருக்கும் ஒரு தொல்லை உண்டு. 'மெதுவாகத் தவழும்' என்று எழுதினால் நடுவில் ஒற்று வந்து ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒற்று மிகாத வ, ட மாதிரி எழுத்தில் அடுத்த சொல் தொடங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை.

ஒரு எச்சரிக்கை: சைகை மாதிரி தெரிவதெல்லாம் சைகை இல்லை. 'உள்ளே' என்றால் ஒரு சொல்லை இன்னொன்றுக்குள் நுழை என்றும் இருக்கலாம். 'கவிழ்ந்த' என்றால் கலைக்காமல் தலைகீழாகப் படி என்றும் இருக்கலாம். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு வேற இடத்தில் வெட்டிப் பாருங்க.

ஆனா எழுதுபவரும் இஷ்டத்துக்கு ஏமாற்ற முடியாது. 'ஸிமனீஸ்' என்ற புனைபெயரில் லண்டன் 'அப்சர்வர்' இதழுக்குப் புதிர் அமைத்த டி.எஸ். மேக்நட், 1966-ல் வந்த தன் புத்தகத்தில் இதற்கு வரம்பு வகுத்தார். துல்லியமான பொருள் இருக்கணும், நேர்மையான சொல்விளையாட்டு இருக்கணும், அதற்கு மேல் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. கலைக்க வேண்டிய எழுத்துகளும் கண்ணுக்கு எதிரே இருக்கணும். 'புரண்ட தேர்' என்று எழுதிவிட்டு, தேரை ரதமாக்கி, ரதத்தைப் புரட்டித் 'தரம்' என்று கண்டுபிடிக்கச் சொன்னால் அது பெரும்பாலான புதிர்க்காரர்களிடம் போங்கு ஆட்டம். 'புரண்ட ரதம்' என்றால் சரி.

தமிழில் முயன்று பார்க்க விரும்பினால், அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன் கைச்சூட்டுக்கு ஒன்று:

குலைந்த சதம் பத்து (3)