கேமரா ஓடுகிறது, கைபேசியில்தான் தெரியவில்லை

கும்பகோணத்தில் அக்கா வீட்டில் நான்கு கேமராக்களும் ஒரு ரெக்கார்டரும் வைத்து ஆறு வருடம் ஆகிறது. சென்னையில் மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா கைபேசியைத் திறந்து வாசலைப் பார்த்துக்கொள்வார். பால்காரர் வந்தாரா, மாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்பது வரை தெரிந்துவிடும். போன வருடம் பழைய செம்புக்கம்பி இணைப்பை விட்டுவிட்டு, தெருவில் எல்லோரும் வாங்கிய ஃபைபர் இணைப்புக்கு மாறினார்கள். வேகம் பல மடங்கு கூடியது. கேமரா மட்டும் வெளியூரிலிருந்து தெரியாமல் போனது.

“வீட்டுல இருந்தா பளிச்சுனு தெரியுதுடா தம்பி. பஸ் ஏறி ரெண்டு தெரு தாண்டினா ‘கனெக்‌ஷன் ஃபெயில்டு’ன்னு வருது” என்றார் அக்கா.

கேமரா போட்ட பையன் இரண்டு முறை வந்து போனார். புது ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்தார், ரெக்கார்டரை அணைத்துப் போட்டார், கடைசியில் “போர்டு போயிருக்கும்கா, புதுசு வாங்கிடலாம்” என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் நான்கு படமும் தெளிவாக ஓடும் ரெக்கார்டருக்கு போர்டு எப்படிப் போகும்?

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து ‘Status’ என்ற இடத்தில் ‘WAN IP’ என்ன என்று பார்த்தேன். 100.72 என்று தொடங்கும் ஓர் எண். அதே வைஃபையில் இருந்த கைபேசியின் உலாவியில் ‘what is my ip’ என்று தேடியபோது 103 என்று தொடங்கும் வேறோர் எண் வந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லை. அக்கா வீட்டு ரவுட்டருக்கு வெளியுலக முகவரியே கிடையாது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ‘பி.பி. நம்பர்’ ஞாபகம் இருக்கும். வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட்டு, ஓரத்தில் பி.பி. என்று எழுதுவார்கள். அழைப்பு வந்தால் அந்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியே குரல் கொடுப்பார். இப்போது பல இணைய நிறுவனங்கள் செய்வது ஏறக்குறைய இதுதான். ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்குபோட்டுத் தருகின்றன. இதற்குப் பெயர் சிஜிநாட். ஒரே வித்தியாசம், இந்த பி.பி. வீட்டுக்காரர் யாரையும் ஜன்னல் வழியே கூப்பிட மாட்டார். நீங்களே போய் வெளியே பேசலாம். பேசியவர் பதில் சொன்னால் அதை உங்களிடம் ஒப்படைப்பார். யாரோ தானாக அழைத்து “கும்பகோணத்து ரெக்கார்டரைக் கொடுங்கள்” என்றால், அது எந்த வீடு என்று அவருக்குத் தெரியாது, வைத்துவிடுவார்.

இதில் நிறுவனங்களின் பேராசை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். பழைய வகை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அடுத்த வருடம் ஏப்ரலில், இப்படிப் பங்குபோடும் நிறுவனங்களுக்கென்றே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரின் WAN எண் 100 என்று தொடங்கி, இரண்டாவது எண் 64க்கும் 127க்கும் இடையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், சிஜிநாட்தான். சில ஊர் நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் எண்ணையும் தருகின்றன. அதுவும் இதே கதை. 192.168 என்று இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால் நீங்களே இன்னொரு ரவுட்டர் மாட்டியிருப்பீர்கள். முதல் பெட்டியின் WAN எண்ணைப் பார்த்த பிறகு முடிவுக்கு வாருங்கள்.

இப்போது அந்தப் பையன் செய்தது ஏன் பலிக்கவில்லை என்பது புரியும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது, “37777 என்ற கதவைத் தட்டுபவரை ரெக்கார்டரிடம் அனுப்பு” என்று வீட்டு ரவுட்டருக்குச் சொல்லிவைப்பது. பழைய இணைப்பில் அந்தக் கதவு தெருவைப் பார்த்து இருந்தது. இப்போது தெருவுக்கும் கதவுக்கும் நடுவே நிறுவனத்தின் பெரிய வாசல் ஒன்று வந்துவிட்டது. அந்த வாசலில் எழுதிவைக்க அக்காவுக்கு உரிமை இல்லை. மாறிக்கொண்டே இருக்கும் முகவரிக்கு நிலையான பெயர் தரும் டிடிஎன்எஸ் சேவையும் இங்கே உதவாது; அந்தப் பெயர் போய் நிற்பது பலருக்குப் பொதுவான முகவரியில். வீட்டு வைஃபையில் படம் தெரிந்ததற்கும் காரணம் எளிது. அப்போது கைபேசி ரவுட்டரைத் தாண்டி வெளியே போகவே இல்லை.

வெளியிலிருந்து உள்ளே அழைக்க முடியாது. உள்ளிருந்து வெளியே பேசலாம். ஆகவே ரெக்கார்டரையே பேசவைப்பதுதான் வழி. கடந்த பல வருடங்களாக வரும் ரெக்கார்டர்களில் இதற்கு ‘P2P’ என்றோ ‘Platform Access’ என்றோ ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால் ரெக்கார்டர் தன் தயாரிப்பாளரின் சர்வருக்குத் தானே அழைப்புப் போட்டு, “நான் இங்கே இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கைபேசிச் செயலியில் ரெக்கார்டரின் சீரியல் எண்ணையோ கியூஆர் குறியையோ சேர்த்துவிட்டால், செயலியும் அதே சர்வரைக் கேட்கும். சர்வர் இரண்டுக்கும் அறிமுகம் செய்துவைக்கும்.

அக்கா வீட்டில் அதை இயக்கினேன். நிலை ‘Offline’ என்றே நின்றது. இணையம் ஓடுகிறது, ரெக்கார்டருக்கு மட்டும் போகவில்லை. நெட்வொர்க் பக்கத்தில் கேட்வே சரியாக இருந்தது. அதற்குக் கீழே டிஎன்எஸ் என்ற இடத்தில் ஆறு வருடத்துக்கு முன் கையால் அடித்த, பழைய நிறுவனத்தின் எண்கள். அந்த சர்வர்கள் தங்கள் வாடிக்கையாளர் அல்லாதவருக்குப் பதில் தருவதில்லை. ரெக்கார்டர் அழைக்க வேண்டிய சர்வரின் பெயரை எண்ணாக மாற்ற வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. அங்கே 8.8.8.8 என்று மாற்றிச் சேமித்தேன். அரை நிமிடத்தில் ‘Online’. இணைப்பு மாறிய வீடுகளில் இதை முதலில் பாருங்கள். ரெக்கார்டரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பழைய எண் அப்படியே கிடக்கும்.

அக்கா வைஃபையை அணைத்துவிட்டுச் செயலியைத் திறந்தார். சில விநாடிகள் வட்டம் சுற்றியது, பிறகு வாசல் தெரிந்தது. “முன்ன மாதிரி டக்குனு வரலையே” என்றார். வராதுதான். மொபைல் டேட்டாவிலும் பெரும்பாலும் இதே பங்குபோடல்தான். அதாவது இரு முனையிலும் பி.பி. வீடு. சர்வர் முதலில் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் பேசச் சொல்லும். இரண்டு வாசல்களும் “இது நம் ஆள் கேட்ட பதில்தான்” என்று நினைத்துத் திறந்துவிட்டால், படம் நேராகவே பாயும். சில வாசல்கள் ஒவ்வொரு பேச்சுக்கும் புதுப் புது எண் கொடுத்து இதைக் கெடுத்துவிடும். அப்போது படம் முழுவதும் தயாரிப்பாளரின் சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். தாமதமும் திணறலும் அங்கிருந்துதான்.

அதற்கு மருந்து செயலியிலேயே இருக்கிறது. ரெக்கார்டர் ஒவ்வொரு கேமராவுக்கும் இரண்டு ஓட்டங்கள் தரும்: பதிவுக்கான முதன்மை ஓட்டம், பார்ப்பதற்கான துணை ஓட்டம். முதன்மை விநாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்திருந்தால், நிமிடத்துக்கு 30 எம்பி போகும், நாளுக்கு 1.5 ஜிபி திட்டம் 50 நிமிடத்தில் காலி. துணை ஓட்டம் 512 கிலோபிட் என்றால் நிமிடத்துக்கு 4 எம்பிகூட ஆகாது. பால்காரரை அடையாளம் காண அது போதும். வண்டி எண்ணைப் படிக்க வேண்டும் என்றால் மட்டும் அந்த ஒரு கேமராவை முதன்மைக்கு மாற்றினால் ஆயிற்று.

தயாரிப்பாளரின் சர்வர் நடுவில் இருப்பது பிடிக்காதவர்களும் உண்டு. அவர்களில் நானும் ஒருவன். இணைய நிறுவனத்திடம் கூடுதல் கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்கலாம்; பழைய போர்ட் ஃபார்வர்டிங் மறுபடி வேலை செய்யும். ஆனால் ரெக்கார்டரின் கதவை ஊருக்கே திறந்துவைக்கும் அந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 2016இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத ஆலைக் கடவுச்சொற்களோடு இருந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ஏராளமாகப் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. அந்த வகையில் சிஜிநாட் அக்காவுக்குக் கேட்காமலே ஒரு காவலாகவும் நின்றிருக்கிறது.

என் வீட்டில் செய்திருப்பது வேறு. அலமாரியில் ஒரு ராஸ்பெர்ரி பை எப்போதும் ஓடுகிறது. அதிலும் கைபேசியிலும் டெயில்ஸ்கேல் போட்டிருக்கிறேன். இதுவும் உள்ளிருந்து வெளியே அழைக்கும் வகைதான். ஆனால் செல்வது பூட்டிய குழாய் வழியாக. பை மீது ஒரே கட்டளை:

```
sudo tailscale up --advertise-routes=192.168.1.0/24
```

இதற்கு முன் பையில் `net.ipv4.ip_forward` என்பதை 1 ஆக்க வேண்டும்; பின் டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் இந்த வழித்தடத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். இதை மறந்துவிட்டு நான் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன். அதன் பிறகு கைபேசி எந்த ஊரில் இருந்தாலும், செயலியில் ரெக்கார்டரின் வீட்டு எண்ணான 192.168.1.108 என்றே கொடுத்தால் போதும். டெயில்ஸ்கேலும் தன் சாதனங்களுக்கு 100 என்று தொடங்கும் அதே தொகுதியிலிருந்துதான் எண் தருகிறது. அதைப் பார்த்து சிஜிநாட் என்று குழம்ப வேண்டாம்.

அக்காவுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை, பி2பி போதும். ரெக்கார்டரின் கடவுச்சொல்லை மாற்றினேன், ரவுட்டரில் இருந்த உதவாத போர்ட் ஃபார்வர்டிங் வரியை அழித்தேன், கியூஆர் ஒட்டியிருந்த பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்ததை நீக்கச் சொன்னேன். புது ரெக்கார்டர் வாங்கவில்லை.

உங்கள் வீட்டில் கேமரா மாட்டினால், பணம் கொடுக்கும் முன் மாட்டியவரைக் கைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டுப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். வைஃபையில் தெரிவது கணக்கில் சேராது.