புகைக் கணக்கு – 6: வெள்ளியில் அல்ல, கிலோவில்

சென்ற வாரம் பெரிய ஆலைகளைப் பார்த்தோம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் கரிமம் வெளியிடும் ஆலை அந்த அளவை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 25,000 டன்னை எட்டினால் கரிம வரியும் கட்ட வேண்டும். புக்கிட் பாத்தோக் கிரசென்ட் பகுதியின் அடுக்குமாடித் தொழிற்கூடங்களில் இயங்கும் சிறு பட்டறைகள் இந்த எல்லைகளுக்கு அருகில்கூட வருவதில்லை. ஆனாலும் புகைக் கணக்கைக் கேட்கும் கேள்வித்தாள் அவற்றையும் தேடி வருகிறது. அனுப்புவது அரசு அல்ல, வாடிக்கையாளர். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2025 நிதியாண்டு முதல் தங்கள் நேரடி வெளியேற்றத்தையும், வாங்கும் மின்சாரத்தின் வெளியேற்றத்தையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டில் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு 2026 முதல் இன்னொரு கடமையும் சேர்கிறது: வாங்கும் பொருளுக்குப் பின்னால் உள்ள புகையையும் சொல்ல வேண்டும். அந்தப் பொருளைச் செய்து கொடுப்பது இந்தப் பட்டறைகள்தான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எஃகுத் தகட்டை வெட்டி வளைத்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று. மாதம் 20,000 யூனிட், ஆண்டுக்கு 2,40,000 யூனிட் மின்சாரம் செலவாகிறது. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் கணக்குப்படி, 2023-இல் சிங்கப்பூர் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.412 கிலோ கரியமில வாயு வெளியானது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 99 டன்.

பெருக்கல் எளிது, அந்த 2,40,000-ஐக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். மின்கட்டணத்தைக் கட்டட உரிமையாளர் வசூலிக்கும் கூடங்களில், வாடகை ரசீதில் தொகை மட்டும் வெள்ளியில் இருக்கும். அதை அன்றைய கட்டண விகிதத்தால் வகுத்து யூனிட் காண்பவர்கள் உண்டு. விகிதம் காலாண்டுக்கு ஒருமுறை மாறக்கூடியது, தொகையில் பொருள் சேவை வரியும் பொது இடச் செலவும் கலந்திருக்கலாம். அதனால் அப்படி வரும் எண்ணை நம்ப முடியாது. துணை மீட்டரின் மாதாந்திர அளவைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

பில்கள் கையில் இருந்தாலும் இரண்டு சோதனைகள் தேவை. முதலாவது, நாள் கணக்கு. பில்லின் காலம் மாத நடுவில் தொடங்கி அடுத்த மாத நடுவில் முடியலாம். எல்லா பில்களின் நாள்களையும் கூட்டினால் 365 வர வேண்டும். 335 வந்தால் ஒரு பில் காணவில்லை, 395 வந்தால் ஒரு பில் கூடுதல். இரண்டாவது, சீனப் புத்தாண்டு. பட்டறை பல நாள் மூடியிருந்த அந்தக் காலத்தின் பில்லில் யூனிட் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் ஒன்று, மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாக எழுதிய அளவு. இல்லையென்றால் யாரும் இல்லாத கூடத்தில் காற்றழுத்த இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. முதலாவதாக இருந்தால் கணக்கைத் திருத்தலாம், இரண்டாவதாக இருந்தால் மின்கட்டணத்தையே குறைக்கலாம்.

இனி கொள்முதல். இந்தப் பட்டறை ஆண்டுக்கு 100 டன் எஃகு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உலக சராசரியில் ஒரு டன் எஃகு உருவாக ஏறத்தாழ 1.9 டன் கரியமில வாயு வெளியாகிறது. ஆக 190 டன். மின்சாரத்தின் புகையைப்போல இது கிட்டத்தட்ட இரு மடங்கு. பட்டறையின் கூரைக்குக் கீழே இதில் ஒரு துளிகூட எழவில்லை என்பதால்தான் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கணக்குப் பிரிவிடம் கேட்டால் கொள்முதலின் விவரமும் வெள்ளியில்தான் வரும். ஒரு வெள்ளிச் செலவுக்கு இவ்வளவு புகை என்று சொல்லும் அட்டவணைகளும் உள்ளன. அவற்றை வைத்துக் கணக்கிட்டால் என்ன ஆகும்? டன் 1,200 வெள்ளிக்கு விற்ற எஃகு அடுத்த ஆண்டு 900 வெள்ளிக்கு இறங்கினால், அதே 100 டன்னை வாங்கிய பட்டறையின் புகை கால் பங்கு குறைந்ததாக அறிக்கை சொல்லும். உலையில் எதுவும் மாறியிருக்காது. விலை ஏறும் ஆண்டில் இதே கணக்கு தலைகீழாகும்.

எனவே விலைச்சீட்டை விட்டு, சரக்கோடு வரும் டெலிவரி ஆர்டரை எடுங்கள். அதில் எடை இருக்கும். ஆலைச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள். எஃகை உருக்கிய ஆலையின் பெயரும் உருக்கு எண்ணும் அதில் இருக்கும். ஆலை தெரிந்தால், நிலக்கரியில் எரியும் ஊதுலையா, பழைய இரும்பை உருக்கும் மின்னுலையா என்று விசாரிக்கலாம். முன்னதில் டன்னுக்குச் சுமார் 2.3 டன் புகை, பின்னதில் சுமார் 0.7 டன். நம் பட்டறையின் 190 டன் என்பது 230 ஆகவோ 70 ஆகவோ மாறும் அளவுக்கு வித்தியாசம் இது. எல்லாச் சரக்குக்கும் சான்றிதழ் கிடைக்காது. கிடைக்காதவற்றுக்குச் சராசரியைப் போட்டு, அது சராசரி என்றே கேள்வித்தாளில் குறியுங்கள். எது அளந்த எண், எது மதிப்பிட்ட எண் என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்தால்தான், அடுத்த ஆண்டு எண் குறையும்போது புகை குறைந்ததா, கணக்கு முறை மாறியதா என்று அவரால் பிரித்தறிய முடியும்.

அடுத்த வாரம்: எந்த மாத பில்லிலும் வராத குளிர்சாதன வாயுக் கசிவை, பழுதுபார்ப்பவரின் சீட்டிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி?