உப்புக்கொத்தி தெரியுமா உங்களுக்கு?

கோடியக்கரைக் குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்புக்குக் களஉதவியாளர் தேவை என்றதும், புதுப் பட்டதாரிகள் பலர் 'சிறு வயது முதலே பறவை ஆர்வம்' என்று தொடங்குகிறார்கள். சேற்றில் நின்று, கலையும் கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணத் தெரியுமா என்பதே தேர்வாளரின் கவலை. இப்படி எழுதிப் பாருங்கள்:

'இரு குளிர்காலங்கள் எங்கள் ஊர் ஏரியில் வாரந்தோறும் எண்ணி, இ-பேர்டில் பதிந்தேன். பச்சைக்காலியைக் குரலிலேயே அறிவேன். சிறிய, பெரிய மணல் உப்புக்கொத்திகளைத் தொலைவில் பிரிக்கத் தடுமாறுவேன். அப்போது "மணல் உப்புக்கொத்தி" என்று மட்டும் குறிப்பேன்.'

குறையைச் சொல்லும் அந்தக் கடைசி வரியை நீக்காதீர்கள். ஊகித்துப் பதிந்த பெயரைப் பின்னால் எவராலும் சரிபார்க்க முடியாது. அது தேர்வாளருக்குத் தெரியும். மார்ச் முடியும்வரை தங்க முடியுமா என்பதையும் எழுதிவிடுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.