தகவலறிக்கையில் விடுபட்ட நிபந்தனை

பங்கு வாங்கும்படி பொதுமக்களை அழைக்கும் கம்பெனி, தன் தொழிலையும் நிதிநிலையையும் விவரித்து வெளியிடும் ஆவணம் தகவலறிக்கை. அதில் சொன்னது தவறாகிப் போனால் இயக்குநர்கள் எந்த அளவுக்குப் பொறுப்பு என்ற கேள்வி, இங்கிலாந்தில் ஒரு டிராம் கம்பெனியின் வழக்கில் கூர்மையாக எழுந்தது.

பிளைமவுத், டெவன்போர்ட் பகுதியில் டிராம் ஓட்ட அந்தக் கம்பெனிக்குத் தனிச் சட்டம் இருந்தது. அதன்படி வண்டியைக் குதிரை பூட்டி ஓட்டலாம். நீராவியால் ஓட்ட வணிக வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். 1883-இல் வந்த தகவலறிக்கை, நீராவியைப் பயன்படுத்தும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்றும் அதனால் செலவு வெகுவாகக் குறையும் என்றும் சொன்னது. ஒப்புதல் பற்றி அதில் பேச்சே இல்லை. அதை நம்பி சர் ஹென்றி பீக் பங்குகள் வாங்கினார். வாரியமோ பாதையின் சில பகுதிகளுக்கு மட்டுமே நீராவியை அனுமதித்தது. கம்பெனி கலைக்கப்பட்டது, பீக் இயக்குநர்கள் மீது மோசடி வழக்குத் தொடுத்தார்.

ஒப்புதல் வெறும் சடங்கு, எப்படியும் கிடைத்துவிடும் என்று உண்மையாகவே நம்பியதாக இயக்குநர்கள் சொன்னார்கள். 1889-இல் பிரபுக்கள் சபை அதை ஏற்றது. பொய் என்று தெரிந்தோ, உண்மை என்ற நம்பிக்கை இல்லாமலோ, மெய்யா பொய்யா என்ற கவலையே இன்றியோ சொன்னால்தான் மோசடி. கவனக்குறைவு மட்டும் மோசடியாகாது என்றது தீர்ப்பு. பணம் இழந்தவர், இயக்குநரின் மனத்துக்குள் என்ன இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். இது அவர் தலையில் ஏற்றிய அநியாயமான சுமை.

மறு ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயக்குநர் பொறுப்புச் சட்டத்தை இயற்றியது. நம்பியதாகச் சொன்னால் மட்டும் போதாது, நம்புவதற்குத் தக்க காரணம் இருந்ததை இயக்குநரே காட்ட வேண்டும் என்றானது.

இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் இன்னும் கடுமையானது. அதன் 35-ஆம் பிரிவின்படி, தவறான தகவலையோ முக்கியமான விடுபடலையோ நம்பிப் பங்கு கோரிப் பெற்று நட்டப்பட்டவருக்குக் கம்பெனியும், இயக்குநர்களும், கம்பெனியைத் தோற்றுவித்தவர்களும் இழப்பீடு தர வேண்டும். அறிக்கை வெளிவருமுன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றவரும், தமக்குத் தெரியாமல் வெளியானதை அறிந்ததும் பொது அறிவிப்புச் செய்தவரும் தப்பலாம். நிபுணரின் கூற்றைத் தக்க காரணத்தோடு நம்பி, அதைத் திரிக்காமல் சேர்த்திருந்தாலும் விலக்கு உண்டு. மற்றபடி, ‘உண்மை என்று நம்பினேன்’ என்ற வாதம் இழப்பீட்டு வழக்கில் கைகொடுக்காது. நம்பியதற்குத் தக்க காரணம் இருந்தது என்னும் வாதத்துக்கு இடம் தருவது, குற்றத் தண்டனை பற்றிய 34-ஆம் பிரிவுதான்.

இந்தப் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 35-ஆம் பிரிவு பேசுவது கம்பெனி வெளியிடும் பங்குக்கு விண்ணப்பித்துப் பெற்றவரைப் பற்றி. பட்டியலிட்ட பிறகு சந்தையில் இன்னொருவரிடம் வாங்கியவரைப் பற்றி அல்ல.